பாதுகாப்பு எச்சரிக்கையை அலுவலக அறிவித்தலாக மாற்றி எழுதுவது எப்படி? வின்ரார் உதாரணத்தோடு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் கணினிப் பிரிவு என்பது நானும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஒரு பயிலுனரும்தான். நிலாவெளியில் ஒரு கிளை இருக்கிறது. இரண்டும் சேர்த்து 31 கணினிகள். பயிலுனராக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் எழுத்து வேலை, ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையை எடுத்து ஊழியர்களுக்கான அறிவித்தலாக மாற்றுவது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கோப்புகளைச் சுருக்கிப் பொதியாக்கவும் விரிக்கவும் பாவிக்கும் வின்ரார் மென்பொருள் பற்றி 2025 ஓகஸ்டில் வந்த எச்சரிக்கையை உதாரணமாக எடுக்கிறேன். அதன் அடையாள இலக்கம் `CVE-2025-8088`. அன்று இருந்த பயிலுனர் தம்பி கொண்டுவந்த முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

> அவசரம்!! மிக ஆபத்தான பூச்சிய நாள் பாதிப்பு கண்டறியப்பட்டுள்ளது. தாக்குபவர்கள் பாதை கடத்தல் மூலம் உங்கள் கணினியில் தன்னிச்சையான குறிநிரலை இயக்க முடியும். உடனடியாக 7.13க்கு மேம்படுத்தவும். தெரியாதவர்களின் இணைப்புகளைத் திறக்க வேண்டாம். சந்தேகத்துக்கிடமான நடவடிக்கைகளை அறிவிக்கவும்.

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை வாசித்துவிட்டு ஒருவராலும் எதையும் சரியாகச் செய்ய முடியாது. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## 1. எழுதத் தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

முதலாவது, மூல எச்சரிக்கை. பத்திரிகைச் செய்தியோ வட்ஸ்அப்பில் சுற்றும் படமோ போதாது. மென்பொருள் தயாரித்தவர்களின் பதிப்புக் குறிப்பு வேண்டும், ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களின் அறிக்கையும் வேண்டும். இந்த விடயத்தில் கண்டுபிடித்தது ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம்.

இரண்டாவது, ஊழியர் பாவிக்கும் கணினி போலவே ஒன்று. உங்கள் சொந்தக் கணினியை வைத்து எழுதாதீர்கள். அதில் நிர்வாகி உரிமை இருக்கும், மென்பொருள் புதிதாக இருக்கும், திரையில் வேறு பெட்டிகள் வரும். நான் காசாளர் மேசைக் கணினியைத்தான் எடுப்பேன். அலுவலகத்திலேயே பழையது அதுதான்.

மூன்றாவது, ஒரு தொலைபேசி இலக்கம். அறிவித்தல் போகும் நாளில் அதை எடுத்துப் பேச ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத நாளில் அறிவித்தலை அனுப்பவே வேண்டாம்.

## 2. மூலத்தில் இருந்து மூன்று விடை மட்டும் எடுங்கள்

எந்தப் பொருளில் ஓட்டை? ஊழியர் எதைச் செய்யும்போது அது வேலை செய்கிறது? எதைச் செய்தால் அடைபடும்? மூலம் பத்துப் பக்கம் இருந்தாலும் ஊழியருக்குத் தேவையானது இந்த மூன்று விடையில் இருந்துதான் வரும்.

வின்ராரின் விண்டோஸ் பதிப்பில்தான் ஓட்டை. அன்ட்ரொய்ட் பதிப்பில் இல்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், "போனிலும் இருக்கா?" என்று கட்டாயம் கேட்பார்கள். 7.13க்கு முந்தைய பதிப்புகளில் இருக்கிறது. 7.13 வெளிவந்தது 2025 ஜூலை 30. வின்ரார் தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது, யாராவது கையால் போட வேண்டும். இந்த ஒரு விபரத்தால்தான் அறிவித்தலே தேவைப்பட்டது. பிரவுசரில் வந்த ஓட்டை என்றால் அது பெரும்பாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும். அதற்கெல்லாம் நான் ஊழியர்களைத் தொந்தரவு செய்வதில்லை.

இரண்டாவது கேள்வியில் நின்று நிதானமாக யோசியுங்கள். சுருக்கிய பொதியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு சாதாரண ஆவணம் தெரியும். ஈசெட் பார்த்த மின்னஞ்சல்களில் அது வேலை விண்ணப்பம் போல இருந்தது. அந்த ஆவணத்தைத் திறந்ததும் அதோடு ஒட்டி மறைந்திருக்கும் வேறு கோப்புகளும் விரிந்து, ஊழியர் தெரிவு செய்யாத இடங்களுக்குப் போய் உட்காரும். அதில் ஒரு இடம் விண்டோஸின் `Startup` கோப்புறை. அங்கே இருப்பது அடுத்த முறை கணினிக்குள் நுழையும்போது தானாக ஓடும்.

அதாவது திறந்த நேரத்தில் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் நடக்காது, மறுநாள் காலைதான் நடக்கும். அறிவித்தலில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லிப் பயனில்லை என்பது முழுக்க இந்த விபரத்தில் தொங்குகிறது.

## 3. உங்கள் பக்க வேலையை முதலில் முடியுங்கள்

அறிவித்தலில் ஊழியருக்கு வரவேண்டியது நீங்கள் செய்து முடித்த பிறகு மிஞ்சுவது மட்டும்தான். தம்பியின் வரைவு "7.13க்கு மேம்படுத்தவும்" என்றது. எங்கள் ஊழியர்களின் கணக்கில் மென்பொருள் போட உரிமை கிடையாது. முயற்சி செய்தால் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வரும். வீட்டு மடிக்கணினியில் உரிமை இருக்கும், ஆனால் அங்கே தேடுபொறியில் முதலில் வரும் இணைப்பை அழுத்தி எதையாவது இறக்குவார்கள். ஓட்டையை அடைக்கப் போய்ப் புது ஓட்டை போட்ட கதையாகிவிடும்.

அதனால் நாங்கள் `rarlab.com` இல் இருந்து `winrar-x64-713.exe` கோப்பை ஒருமுறை இறக்கி, வலையமைப்பில் இருந்த கணினிகளுக்கு நாங்களே போட்டோம். போட்டது சரியா என்று ஒவ்வொன்றிலும் இந்த வரியை ஓட்டிப் பார்க்கலாம்:

```
(Get-Item "C:\Program Files\WinRAR\WinRAR.exe").VersionInfo.FileVersion
```

இப்படி 19 கணினிகள் முடிந்தன. மிச்சம் 12. நிலாவெளிக் கிளை, வெளியே கொண்டுபோகும் மடிக்கணினிகள், பிறகு அணைத்தே கிடக்கும் இரண்டு மூன்று. அறிவித்தல் போனது இந்த 12 பேருக்கு மட்டும். மற்ற 19 பேருக்கும் சேர்த்து அனுப்பியிருந்தால் தேவையில்லாத 19 தொலைபேசி அழைப்புகள் வந்திருக்கும்.

## 4. மிஞ்சியதை ஒரே வேலையாகச் சுருக்குங்கள்

அந்த 12 பேரும் என்ன செய்ய வேண்டும்? "பதிப்பைப் பார்த்து 7.13ஐ விடக் குறைவென்றால் அழையுங்கள்" என்று எழுதலாம் போலத் தோன்றும். எழுதாதீர்கள். 7.13 பெரிதா 7.2 பெரிதா என்று நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தசமம் படித்தவர்கள் 7.2 என்பார்கள். கணக்கில் அது சரி, ஆனால் பல மென்பொருள்களின் பதிப்பு இலக்கத்தில் 7.13தான் புதியது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அதனால் ஒப்பிடும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஊழியர் செய்ய வேண்டியது இலக்கம் தெரியும் பெட்டியைப் படம் எடுத்து அனுப்புவது மட்டும். முடிவெடுக்கும் வேலை ஊழியர் கையில் இருக்கும் வரைக்கும் "நான் பிழையாகச் செய்துவிட்டேனோ" என்ற பதற்றமும் கூடவே இருக்கும்.

"என் கணினியில் வின்ராரே இல்லை" என்பதும் ஒரு பதில்தான், அதற்கும் ஒரு வழி வையுங்கள். வைக்காவிட்டால் அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். பார்க்காதவர் யார், இல்லாதவர் யார் என்று பிறகு பிரித்தறிய முடியாது.

## 5. நிறைவேற்ற முடியாத அறிவுரைகளை வெட்டுங்கள்

"தெரியாதவர்களின் இணைப்புகளைத் திறக்க வேண்டாம்." எங்கள் மனிதவளப் பிரிவு அக்காவின் வேலையே தெரியாதவர்கள் அனுப்பும் சுயவிபரக்கோவைகளைத் திறப்பதுதான். வரைவைக் காட்டியபோது அவர் கேட்டார்: "அப்ப நான் நாளைக்கு லீவு போடவா தம்பி?" நியாயமான கேள்வி. ஒரு கதவை மூடினால் பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்தது: பொதியாக வருவதைத் திறக்காமல் எனக்கு அனுப்புங்கள், புதுப்பித்த கணினியில் நான் பார்த்து, விரித்து, அரை மணித்தியாலத்துக்குள் திருப்பி அனுப்புவேன். அந்த அரை மணித்தியாலத்தைக் காப்பாற்ற முடியாதென்றால் எழுதக்கூடாது. முதல் நாள் தவறினால் இரண்டாம் நாள் அவரே திறந்துவிடுவார்.

"சந்தேகத்துக்கிடமான நடவடிக்கைகளை அறிவிக்கவும்." இரண்டாம் படியில் பார்த்தோமே, இந்த ஓட்டையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தேடச் சொன்னால் மனிதர்கள் கிடைப்பதையெல்லாம் சந்தேகிப்பார்கள். பிரின்டர் இழுக்காவிட்டால்கூட வைரஸ்தான். இதற்குப் பதில், நினைவில் இருந்து விடை சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றினோம்: "ஜூலை 15க்குப் பிறகு தெரியாத ஒருவர் அனுப்பிய பொதியைத் திறந்தீர்களா?" ஈசெட் இந்தத் தாக்குதலை முதலில் கண்டது ஜூலை 18 என்பதால் சில நாள் முன்தள்ளி வைத்தேன். கண்ணால் கண்டிருக்கக்கூடிய ஒன்றும் உண்டு. சில பொதிகளைத் திறக்கும்போது `Diagnostic messages` என்ற தலைப்பில் நீண்ட பிழைப் பட்டியல் ஒன்று வரும். ஆபத்தான வரிகளை அந்த நீளத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். வேலை அவசரத்தில் யாரும் அதை வாசிக்காமல் மூடிவிடுவார்கள், ஆனால் கேட்டால் ஞாபகம் வரும்.

இன்னொன்று, எதைத் திறக்கக்கூடாது என்பதை எப்படிச் சொல்வது? ".rar கோப்பு" என்றால் பலருக்குத் தெரியாது, ஏனென்றால் விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் வாலை மறைத்தே காட்டும். வாலை மாற்றி அனுப்பவும் முடியும். "மூன்று புத்தகத்தைப் பட்டி போட்டுக் கட்டின மாதிரிப் படம்" என்றதும் காசாளர் அண்ணா உட்பட எல்லோருக்கும் விளங்கியது.

## 6. பதற்றம் தரும் விபரங்களை நீக்குங்கள், ஆபத்தை மறைக்காதீர்கள்

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். பயமுறுத்தக்கூடாது என்றதும் "சிறிய ஒரு புதுப்பிப்பு" என்று எழுதுவார்கள். அப்போது ஒருவரும் அசைய மாட்டார். நான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்பேன்: இதை நீக்கினால் ஊழியர் செய்யும் வேலை மாறுமா? மாறாதென்றால் வெட்டு.

10க்கு 8.4 என்ற ஆபத்து மதிப்பெண், வெட்டு. பூச்சிய நாள், பாதை கடத்தல், வெட்டு. தாக்கியது எந்தக் கூட்டம் என்பதும் வேண்டாம். தாக்குதல் ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள நிறுவனங்களைக் குறிவைத்தது என்ற வரியைத் தம்பி இரண்டாம் வரைவிலும் விடாமல் வைத்திருந்தான், "இங்கே இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருப்பார்கள்" என்று. அதை வாசித்த வரவேற்பு மேசைத் தங்கச்சி செய்த முதல் வேலை ரொறன்ரோவில் இருக்கும் தன் அண்ணனுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டது. தன் கணினியைப் பார்க்கவே இல்லை. திருகோணமலையில் கனடா என்று எழுதினால் ஆளுக்கொரு சொந்தக்காரர் ஞாபகம் வருவார்.

நீக்கக் கூடாதவை இரண்டு: ஓட்டை உண்மையில் பாவிக்கப்படுகிறது என்பது, எத்தனை மணிக்குள் செய்ய வேண்டும் என்பது. "உடனடியாக" என்று எழுதாதீர்கள். அது ஒருவருக்கு இந்த நிமிடம், இன்னொருவருக்கு இந்தக் கிழமை. "வெள்ளி பகல் 12 மணிக்கு முன்" என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதோடு, பதறியவர் கை தானாகப் போகும் இடத்தை முன்கூட்டியே யோசியுங்கள். முன்பு ஒருமுறை வேறொரு எச்சரிக்கைக்கு, சம்பளப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த ஒருவர் மின்செருகியையே பிடுங்கிவிட்டார். பாதி நாள் வேலை போனது. இந்த ஓட்டையில் அது இன்னும் மோசம். `Startup` கோப்புறையில் ஏதாவது விழுந்திருந்தால் அணைத்துப் போட்டு உள்ளே நுழைவதுதான் அதை ஓட வைக்கும். அதனால் "அணைக்க வேண்டாம்" என்ற வரி கட்டாயம் வேண்டும்.

## 7. திரையில் உள்ள சொல்லை மொழிபெயர்க்காதீர்கள்

தம்பி "உதவி என்பதை அழுத்தி, பற்றி என்பதைத் தெரிவு செய்யவும்" என்று எழுதினான். அழகான தமிழ்தான். ஆனால் எங்கள் திரையில் இருப்பது `Help`, `About WinRAR`. ஊழியர் "உதவி" என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். விளக்கம் தமிழில் இருக்கட்டும், அழுத்த வேண்டிய சொல் திரையில் உள்ளபடியே இருக்கட்டும்.

சிங்களத்திலும் அதே நாளில் அனுப்புங்கள். தமிழை வைத்து மொழிபெயர்க்காமல், சிங்களம் தாய்மொழியான ஒருவரைக் கணினி முன் உட்கார வைத்து அதே படிகளைச் செய்யவிட்டு எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு களஞ்சியத்தில் வேலை செய்யும் அண்ணா எழுதித் தந்தார். அவருடையது எங்களுடையதைவிட ஒரு வரி குறைவு.

## 8. கடைசியாகப் போன அறிவித்தல்

> வின்ரார் பதிப்பு இலக்கம் தேவை: வெள்ளி பகல் 12 மணிக்கு முன்
>
> வின்ராரின் பழைய பதிப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைப் பாவித்து மோசடி மின்னஞ்சல்கள் அனுப்பப்படுகின்றன. உங்கள் பதிப்பைச் சொல்லுங்கள். பழையதென்றால் நாங்கள் மாற்றித் தருவோம். இரண்டு நிமிட வேலை.
>
> 1. விசைப்பலகையில் விண்டோஸ் பொத்தானை அழுத்தி `winrar` என்று தட்டச்சுங்கள். `WinRAR` வந்தால் அதைத் திறவுங்கள். வராவிட்டால் எனக்கு "இல்லை" என்று அனுப்பினால் போதும்.
> 2. `purchase` என்ற சொல்லோடு ஒரு பெட்டி வந்தால் மூடிவிடுங்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.
> 3. மேலே `Help`, அதில் `About WinRAR` ஐ அழுத்துங்கள்.
> 4. வரும் பெட்டியைப் போனில் படம் எடுத்து, உங்கள் பெயரோடு எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.
>
> நாங்கள் "சரி" என்று பதில் போடும் வரை: கட்டிய புத்தகப் படம் உள்ள கோப்புகளையும், மின்னஞ்சலில் வரும் rar, zip கோப்புகளையும் திறக்காமல் எனக்கு அனுப்புங்கள். அரை மணித்தியாலத்துக்குள் விரித்துத் தருகிறேன்.
>
> ஜூலை 15க்குப் பிறகு தெரியாதவர் அனுப்பிய அப்படியான கோப்பைத் திறந்திருந்தால், அல்லது `Diagnostic messages` என்ற நீண்ட பட்டியலைக் கண்டிருந்தால், உள் இலக்கம் 14க்கு அழையுங்கள். கணினியை அணைக்க வேண்டாம். திறந்ததற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இதில் அழுத்திப் போகும் இணைய இணைப்பு ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "அவசரம், இதை அழுத்து" என்று நாமே எழுதினால், அடுத்த முறை மோசடிக்காரன் அதே மாதிரி எழுதும்போது ஊழியர் எப்படிப் பிரித்தறிவார்?

## 9. ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள், வாய் திறக்காதீர்கள்

இரண்டாம் வரி, அந்த `purchase` பெட்டி, முதலில் அறிவித்தலில் இல்லை. வின்ராருக்கு 40 நாள் சோதனைக் காலம். அது கடந்த பிறகு உரிமம் வாங்கச் சொல்லி ஒரு பெட்டி வரும். நாங்கள் அதைப் பல வருடமாகப் பார்த்துப் பழகி, கண்ணில் படாத அளவுக்குப் போய்விட்டது. (உரிமம் வாங்குவது பற்றி முகாமையாளரோடு தனியாகப் பேச வேண்டியிருந்தது, அது வேறு கதை.)

வரைவைக் கணக்குப் பிரிவு அக்கா ஒருவரிடம் கொடுத்து, பின்னால் நின்று பார்த்தோம். அந்தப் பெட்டி வந்ததும் அவர் மவுஸில் இருந்து கையை எடுத்தார். "இதுதானே அந்த வைரஸ்?" என்று திரும்பிப் பார்த்தார். தம்பி விளக்கம் சொல்ல வாயெடுத்தான், நான் தடுத்தேன். நிலாவெளியில் இதைப் பார்ப்பவருக்குப் பின்னால் தம்பி நிற்கப் போவதில்லை. விளக்கம் தாளில்தான் இருக்க வேண்டும்.

ஒரு ஆள் போதும், ஆனால் அறிவித்தலை முன்பு பார்க்காதவராக இருக்க வேண்டும். அவர் கை நிற்கும் இடத்தில் ஒரு வரி சேருங்கள். கை நிற்காமல் ஓடும் இடத்தில் ஒரு வரியை எடுத்துவிடலாம். மாற்றிய பிறகு இன்னொருவரிடம் கொடுங்கள்.

## 10. அனுப்புவதும் மூடுவதும்

காலை எட்டரைக்கு அனுப்புவேன். மாலையில் அனுப்பினால் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் யோசிப்பார்கள், கேட்கவும் ஆள் இருக்காது. வட்ஸ்அப் குழுவில் போட்டாலும் பதிலைத் தனியாகவே கேளுங்கள். குழுவில் ஒருவர் பழைய பதிப்பின் படத்தைப் போட்டதும் மற்றவர்கள் கேலி செய்யத் தொடங்கினால், மிச்சப் பேர் அனுப்ப மாட்டார்கள்.

12 பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, பதில் வர வர இலக்கத்தைக் குறியுங்கள். வியாழன் பின்னேரத்துக்குள் ஒன்பது வந்தன. அதில் இரண்டு "இல்லை", ஒன்று 5.91. மற்ற மூவருக்கும் நானே அழைத்தேன். ஒருவருடைய மடிக்கணினி பழுதுபார்க்கும் கடையில் இருந்தது. இன்னொன்று மாதக் கடைசியில் மட்டும் திறக்கப்படும் நிலாவெளிக் கணினி. அதன் மூடியில் "திறக்கும் முன் 14க்கு அழைக்கவும்" என்று ஒரு துண்டு ஒட்டச் சொன்னோம்.

பழைய பதிப்பு இருந்தவர்களின் கணினியில் புதியதைப் போட்டதோடு வேலை முடியாது. புதுப் பதிப்பு இனி விழுவதைத் தடுக்கும், ஏற்கெனவே விழுந்ததைத் துடைக்காது. `shell:startup` என்று `Run` பெட்டியில் கொடுத்து அந்தக் கோப்புறையை நாங்களே திறந்து பார்த்தோம். ஜூலை 15க்குப் பிறகு பொதி திறந்ததாகச் சொன்ன இருவரின் கணினியை எடுத்து முழுதாகச் சோதித்தோம். இது ஊழியரிடம் விடும் வேலை இல்லை, அதனால் அறிவித்தலில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடைசியாக, மூடும் செய்தி. இதை அனுப்ப மறப்பவர்கள்தான் அதிகம். அனுப்பாவிட்டால் மூன்று மாதம் கழித்தும் மனிதவளப் பிரிவு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உங்களுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், அல்லது ஒவ்வொருவரும் தாங்களாக ஒரு நாளைத் தீர்மானித்துத் திறக்கத் தொடங்குவார்கள். எங்களுடையது இவ்வளவுதான்:

> வின்ரார் வேலை முடிந்தது. "சரி" என்று பதில் கிடைத்தவர்கள் பொதிக் கோப்புகளை வழமைபோலத் திறக்கலாம். பதில் கிடைக்காதவர்கள் 14க்கு அழையுங்கள்.